விளக்குக, ஒப்பிடுக, மதிப்பிடுக மூணும் ஒரே கேள்வியில வந்தா கட்டம் போடுறது எப்படி

கேள்வி: "அண்ணா, நான் களியக்காவிளை. குரூப் 1 மெயின்ஸுக்குப் படிக்கேன். ஒரே கேள்வியில விளக்குக, ஒப்பிடுக, மதிப்பிடுகன்னு மூணும் வந்தா எனக்குத் தெரிஞ்சத எல்லாம் கலந்துகட்டி எழுதிடுதேன், மார்க் வரமாட்டேங்குது. கட்டம் போட்டு பிளான் பண்ணுன்னு எல்லாரும் சொல்றாங்க, அந்தக் கட்டத்த எப்படிப் போடணும்னு யாரும் சொல்லமாட்டேங்காங்க."

தம்பி, கட்டம்னு சொன்னதும் நிறைய பேரு என்ன பண்றாங்கன்னா நாலு கோடு போட்டு அதுக்குள்ள தெரிஞ்ச பாயிண்ட்ட எல்லாம் நிரப்புறாங்க, அது பாயிண்ட் லிஸ்ட்டுதான், கட்டம் இல்ல. கட்டளைச் சொல் ஒவ்வொண்ணும் ஒரு உருவத்தக் கேட்குது. விளக்குகன்னா காரணத்துல இருந்து விளைவுக்குப் போற சங்கிலி. ஒப்பிடுகன்னா ஒரே அளவுகோல்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்குறது. மதிப்பிடுகன்னா ஒரு கருத்த எடுத்து அது எவ்வளவு தூரம் நிக்குதுன்னு ஆதாரத்தோட தீர்ப்பு சொல்றது. இந்த உருவத்த முதல்ல எழுதிட்டு அப்புறம்தான் பாயிண்ட்ட உள்ள போடணும். நீ பாயிண்ட்ட முதல்ல போடுறதுனாலதான் எல்லாம் ஒரே குழம்பா வருது.

சும்மா பொதுவா சொன்னா மண்டையில ஏறாது, நம்ம ஊர் கேள்வியே ஒண்ணு எடுத்துக்கலாம். மார்த்தாண்டத்துல என்கிட்ட படிக்கிற பிள்ளைங்களுக்கு நான் பயிற்சிக்குக் குடுக்கிற கேள்வி, 20 மார்க், 30 நிமிஷம்:

"குமரி இணைப்புக் கோரிக்கை தோன்றியதற்கான காரணங்களை விளக்குக. மாநில மறுசீரமைப்பு ஆணையம் திருவிதாங்கூரின் தென் தாலுகாக்களையும் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களையும் கையாண்ட விதத்தை ஒப்பிடுக. எல்லையை முடிவு செய்தது மொழி மட்டுமே என்ற கருத்தை மதிப்பிடுக."

இதுக்கு அஞ்சு பத்தி உள்ள கட்டம் போடு. கட்டளை, எதை, எல்லை, உருவம், சரக்கு. மூணு கட்டளை இருக்கு, அதனால மூணு வரிசை. முக்கியமான விஷயம், இத வரிசை வரிசையா நிரப்பக்கூடாது, மேல இருந்து கீழ பத்தி பத்தியா நிரப்பணும். முதல்ல மூணு கட்டளையையும் எழுது, அப்புறம் மூணுக்கும் "எதை", அப்புறம் மூணுக்கும் "எல்லை". அப்படிப் போனாதான் மூணு பகுதியும் ஒண்ணுக்கொண்ணு எங்க முட்டுது, எந்த விஷயம் ரெண்டு இடத்துல வந்துடும்னு கண்ணுக்குத் தெரியும். வரிசையா போனா "விளக்குக"வுலயே உன் சரக்கு மொத்தமும் தீந்துடும், கீழ ரெண்டுக்கும் ஒண்ணும் மிஞ்சாது.

முதல்ல "எல்லை"ங்கிற பத்தியப் பத்திச் சொல்றேன், எல்லாரும் விடுற பத்தி அதுதான். முதல் பகுதியில கேட்டிருக்கிறது கோரிக்கை "தோன்றியதற்கான" காரணம். நம்ம பக்கத்துப் பிள்ளைங்க இந்தக் கேள்வியப் பாத்த உடனே எழுதுற முதல் வரி 1954 ஆகஸ்ட் 11, மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் போராட்டக்காரங்க மேல போலீஸ் நடத்தின துப்பாக்கிச்சூடு. எனக்குப் புரியுது, வீட்டுல தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டு வளந்த விஷயம், அது இல்லாம எப்படி எழுதுறதுன்னு மனசு கேக்கும். ஆனா கோரிக்கை அதுக்குப் பல வருஷம் முன்னாடியே தோன்றிடுச்சு, நாகர்கோவில்ல திருவிதாங்கூர் தமிழர்களுக்கான காங்கிரஸ் 1945 கடைசியில உருவாகி அடுத்த வருஷம் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ்னு ஆச்சு. அப்போ 1954 எப்படி தோற்றத்துக்குக் காரணமாகும்? அது போராட்டம் எவ்வளவு உக்கிரமாச்சுங்கிறதுக்கு சாட்சி, தோன்றினதுக்குக் காரணம் இல்ல. அதனால எல்லைப் பத்தியில "1949 வரைக்கும்"னு ஒரே வார்த்தை எழுதிக்கோ. அந்த ஒரு வார்த்தை உன்னைக் காப்பாத்தும்.

இப்போ "விளக்குக" வரிசைக்கு உருவம். இங்க வர்ற பெரிய கோளாறு என்னன்னா விளக்கம் எழுதுறோம்னு நினைச்சுக்கிட்டு நாட்குறிப்பு எழுதுறது. 1945ல இது நடந்தது, 1949ல அது நடந்தது, 1956ல முடிஞ்சதுன்னு வரிசையா தேதி அடுக்கினா அது விளக்கம் ஆகாது. கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கு, ரெண்டு வாக்கியத்துக்கு நடுவுல "அதனால"ன்னு போட்டுப் பாரு, பொருந்துச்சுன்னா விளக்கம், "அப்புறம்"தான் பொருந்துதுன்னா நாட்குறிப்பு. அதனால உருவப் பத்தியில அம்புக்குறி போட்டு எழுது: தெற்குல தமிழ் பேசுறவங்க பெரும்பான்மை, ஆனா சமஸ்தானம் மொத்தமா பாத்தா மலையாளம் பேசுறவங்கதான் அதிகம் → 1940கள்ல மலையாளம் பேசுற பகுதி எல்லாம் சேந்து ஐக்கிய கேரளம் ஆகணும்ங்கிற கோரிக்கை வலுவாகுது → அப்படி ஆனா நாம நிரந்தர சிறுபான்மை ஆயிடுவோம்னு தெற்குல பயம் → அந்தப் பயத்துக்கு ஒரு அமைப்பு கிடைக்குது, நேசமணி மாதிரி தலைவர்கள் வர்றாங்க → 1949 ஜூலை 1ல திருவிதாங்கூரும் கொச்சியும் இணைஞ்சதும் தமிழர் பங்கு இன்னும் சின்னதாகுது, சென்னை மாகாணத்தோட சேரணும்ங்கிற கோரிக்கை கெட்டியாகுது. பாரு, இதுல தேதி ரெண்டு மூணுதான் வருது, ஆனா ஒவ்வொண்ணும் முந்தினதுல இருந்து பிறக்குது. இப்படி ஒரு சங்கிலி போதும், 130 வார்த்தைக்கு மேல போக வேண்டாம்.

அடுத்தது "ஒப்பிடுக". இங்கதான் அதிகமா மார்க் போகுது, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். பொதுவா என்ன எழுதுறாங்கன்னா ஒரு பாரா முழுக்க அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு கதை, அடுத்த பாரா முழுக்க தேவிகுளம், பீர்மேடு கதை. ரெண்டு கதையும் சரியாவே இருக்கும், ஆனா ஒப்பீடு எங்கயும் இல்ல, அந்த வேலைய பேப்பர் திருத்துறவர் தலையில போட்டுட்டோம். பாராவோட முதல் வார்த்தை தாலுகா பேரா இருந்துச்சுன்னா நீ இந்தத் தப்பதான் பண்ணிட்டு இருக்கன்னு அர்த்தம். முதல் வார்த்தை அளவுகோலோட பேரா இருக்கணும்.

அதனால இந்த வரிசையோட உருவக் கட்டத்துக்குள்ள இன்னொரு குட்டிக் கட்டம் போடணும். இடப்பக்கம் அளவுகோல், நடுவுல தெற்கு நாலு தாலுகா, வலப்பக்கம் தேவிகுளம் பீர்மேடு. அளவுகோல் எத்தனை வேணும்? மூணு போதும், நாலாவது வந்தா ஏதோ ஒண்ணு வெறும் ஒப்புக்கு நிக்கும். இந்தக் கேள்விக்கு நான் எடுக்கிறது மொழி, மக்கள் நிலையா குடியிருக்கிறவங்களா வந்தவங்களா, பூகோளமும் பொருளாதாரமும்.

மொழின்னு பாத்தா தெற்கு நாலு தாலுகாவுலயும் தமிழ் பேசுறவங்க பெரும்பான்மை, விளவங்கோட்டுல மலையாளம் பேசுறவங்களும் உண்டு, இருந்தாலும் தமிழ்தான் கூடுதல். தேவிகுளத்துலயும் தமிழ் பேசுறவங்கதான் அதிகம். அப்போ இந்த அளவுகோல்ல ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி, இத ஒற்றுமைன்னு எழுதணும், ஒப்பிடுகன்னா வேற்றுமை மட்டும்தான்னு நினைக்காதே. ரெண்டாவது அளவுகோல்ல பிரியுது. தெற்குல இருக்கிறவங்க தலைமுறை தலைமுறையா அந்த மண்ணுல விவசாயம் பாக்குறவங்க, தேவிகுளம் பக்கம் தமிழர்கள்ல பெரும்பகுதி தேயிலை, ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவங்க, அவங்கள வந்து போற ஜனங்களாத்தான் ஆணையம் பாத்துச்சு. மூணாவதுலயும் பிரியுது. தெற்கு தாலுகாக்கள் திருநெல்வேலிச் சீமையோட ஒட்டிக் கிடக்கு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா போக்குவரத்து எப்பவும் இருந்துச்சு. தேவிகுளமும் பீர்மேடும் மலை மேல, தோட்டமும் ஆறுகளோட தலைப்பகுதியும் உள்ள இடம், திருவிதாங்கூர்-கொச்சி தன் பொருளாதாரத்துக்கு அது வேணும்னு நின்னுச்சு, ஆணையமும் அத ஏத்துக்கிச்சு.

இத எழுதும்போது வாக்கியம் இப்படி வரணும்: "மொழி அளவில் இரு பகுதிகளும் ஏறத்தாழ ஒன்றே, ஆனால் தெற்கில் நிலையான குடிகளாகக் கருதப்பட்ட தமிழர், தேவிகுளத்தில் இடம்பெயர்ந்த தொழிலாளர்களாகக் கருதப்பட்டனர்." ஒரே வாக்கியத்துல ரெண்டு பகுதியும் வருது பாரு. குட்டிக் கட்டத்துல ஒரு வரிசைக்கு ஒரு வாக்கியம்னு இப்படி எழுதிட்டாலே முதுகெலும்பு வந்துடும், மீதி எல்லாம் அதுக்கு மேல போடுற சதை.

இந்த இடத்துல 1954 திரும்ப வருது. துப்பாக்கிச்சூட்ட இங்க போடலாமான்னு பிள்ளைங்க கேப்பாங்க. போராட்டம் நடந்ததுனாலதான் தெற்கு கிடைச்சதுன்னு எழுதுவாங்க. ஆனா அதே 1954ல நேசமணியும் மத்தவங்களும் தடைய மீறி மூணாறுக்குப் போய் கைதானாங்க, போராட்டம் அங்கயும் நடந்துச்சு. ரெண்டு பக்கமும் பொதுவா இருக்கிற ஒண்ண வச்சு ரெண்டுக்கும் கிடைச்ச வேற வேற முடிவ விளக்க முடியாது. இந்த ஒரு வரிய நீ எழுதினா திருத்துறவர் நிமிந்து உக்காருவாரு, ஏன்னா உணர்ச்சியா எழுதுற நூறு பேப்பருக்கு நடுவுல யோசிச்சு எழுதின பேப்பர் அது. அந்த உயிர்கள மறக்கச் சொல்லல, அவங்கள சரியான இடத்துல வைக்கச் சொல்றேன்.

இப்போ "மதிப்பிடுக". உண்மையில சரக்குப் பத்திய நிரப்ப ஆரம்பிக்க வேண்டியது இந்த வரிசையில இருந்துதான், கீழ இருந்து மேல. தீர்ப்பு என்னன்னு ஒரு வாக்கியம் முதல்ல எழுதிடு, அதுக்குத் தேவையான ஆதாரம் எதுன்னு அப்போதான் மேல ஒப்பிடுகவுக்கும் விளக்குகவுக்கும் தெரியும். இல்லன்னா மேல ரெண்டு பகுதியும் ஒரு பக்கம் போகும், தீர்ப்பு தனியா வேற பக்கம் போகும்.

கேள்வியில "மொழி மட்டுமே"ன்னு இருக்கு. அந்த "மட்டுமே"யதான் எடை போடணும், மொழி முக்கியமா இல்லையாங்கிறது கேள்வியே இல்ல. எல்லைப் பத்தியில இந்த வார்த்தைய வட்டம் போட்டு வை. உருவம் இது: கருத்து சரின்னு காட்டுற ஆதாரம், தப்புன்னு காட்டுற ஆதாரம், ரெண்டுல எது கனமானது ஏன், தீர்ப்பு. இதுல "எது கனமானது ஏன்"ங்கிறதத்தான் எல்லாரும் தாண்டிப் போயிடுறாங்க. ஒரு பக்கம் நாலு வரி, மறு பக்கம் நாலு வரி எழுதிட்டு "ஆகவே மொழியும் பிற காரணிகளும் பங்களித்தன"ன்னு முடிச்சா அது மதிப்பீடு இல்ல, ரெண்டு பேருக்கும் நல்லவனா இருக்கப் பாக்குறது.

எது கனமானதுன்னு முடிவு பண்றதுக்கு இந்தக் கேள்வியிலயே வழி இருக்கு. தெற்குல மொழியும் பூகோளமும் ஒரே பக்கம் இழுக்குது, அதனால மொழிதான் முடிவு பண்ணுச்சுன்னு சொல்லவும் முடியாது, இல்லன்னு சொல்லவும் முடியாது. தேவிகுளத்துலதான் மொழி ஒரு பக்கமும் பொருளாதாரம் இன்னொரு பக்கமும் இழுத்துச்சு. அங்க மொழி தோத்துச்சு. மொழி மட்டுமேங்கிற கருத்து உண்மைன்னா அங்கயும் மொழிதான் ஜெயிச்சிருக்கணும். அதனால சோதனைக்கு ஏத்த இடம் தேவிகுளம்தான், குமரி இல்ல. இதோட ஆணையமே தன் அறிக்கையில, மொழியோ பண்பாடோ எதையும் ஒரே அளவுகோலா வச்சு மாநிலத்தப் பிரிக்கிறது முடியவும் முடியாது, விரும்பத்தக்கதும் இல்லங்கிற நிலைப்பாட்ட எடுத்துச்சு. அது 1955 செப்டம்பர் 30ல குடுத்த அறிக்கை, ஃபசல் அலி தலைவர், குன்ஸ்ருவும் பணிக்கரும் உறுப்பினர்கள்.

பணிக்கர் மலையாளி, அதனாலதான் தேவிகுளம் போச்சுன்னு சிலர் தீர்ப்பு எழுதுவாங்க. ஊர்ல பேசுறதுக்கு சரி, பரிட்சையில ஆதாரம் காட்டணும். ஒருத்தரோட தாய்மொழிய மட்டும் வச்சு மூணு பேர் கையெழுத்துப் போட்ட முடிவ விளக்க முடியாது, அதே ஆணையம்தான் நாலு தெற்கு தாலுகாவ சென்னைக்குக் குடுக்கச் சொன்னதும்.

கேரளத்துல இருக்கிற பாறசாலைப் பக்கத்துப் பிள்ளைங்க எழுதுறப்போ இதே கோளாறு தலைகீழா வரும், தெற்கு போனத ஒரு இழப்பாவே எழுதுவாங்க. எல்லையோரத்துல இருக்கிறவங்களுக்கு மதிப்பிடுக எப்பவும் கஷ்டம்தான். அதுக்குத்தான் கட்டத்துல தீர்ப்புக்கு முன்னாடி "மறுபக்க ஆதாரம்"னு ஒரு இடம் காலியா இருக்கணும், அது காலியா இருந்தா கண்ணுல குத்தும்.

முழுசா போட்டா கட்டம் இப்படி வரும், பரிட்சையில இதவிட சுருக்கமா கிறுக்கினா போதும்:

| கட்டளை | எதை | எல்லை | உருவம் | சரக்கு |
|---|---|---|---|---|
| விளக்குக | கோரிக்கை தோன்றிய காரணம் | 1949 வரை | காரணச் சங்கிலி, அம்புக்குறி | தெற்குல தமிழ் பெரும்பான்மை, ஐக்கிய கேரளம், திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், 1949 இணைப்பு |
| ஒப்பிடுக | தெற்கு 4 தாலுகா, தேவிகுளம்-பீர்மேடு | ஆணையம் கையாண்டது மட்டும் | 3 அளவுகோல், வாக்கியத்துக்கு ரெண்டு பகுதியும் | மொழி ஒற்றுமை, குடி வேற்றுமை, பூகோளம்-பொருளாதாரம் |
| மதிப்பிடுக | "மொழி மட்டுமே" | "மட்டுமே" | ஆதரவு, மறுப்பு, எது கனம், தீர்ப்பு | தெற்கு, தேவிகுளம், அறிக்கையோட நிலைப்பாடு |

திருவிதாங்கூர்ல இருந்த செங்கோட்டை எங்கன்னு கேப்ப. ஒப்பிடுகவுல அது இல்ல, கேள்வி கேக்கல. மதிப்பிடுகவுல வேணும்னா ஒரே வரி போடலாம், மலைக்குக் கிழக்க திருநெல்வேலிப் பக்கம் கிடந்த பகுதி சென்னைக்கு வந்துச்சு, மேற்க ஆரியங்காவுப் பக்கம் கேரளத்துல நின்னுச்சு, பூகோளம் வேலை செஞ்சதுக்கு அது சாட்சி. நேரம் இல்லன்னா விட்டுடு.

நேரத்தப் பத்தி. 30 நிமிஷத்துல கட்டத்துக்கு 4 நிமிஷம், கடைசியில படிச்சுப் பாக்க 2 நிமிஷம், மீதி 24 நிமிஷம் எழுத. கேள்வித்தாள்ல உட்பிரிவுக்கு மார்க் போடலன்னா மூணுக்கும் சமமா பிரிக்காதே. நான் சொல்ற கணக்கு விளக்குகவுக்கு 6 நிமிஷம், ஒப்பிடுகவுக்கு 8, மதிப்பிடுகவுக்கு 10. கீழ போகப் போக யோசனை அதிகம் கேக்குது, ஆனா நம்ம எல்லாருக்கும் கை தன்னால மேல இருக்கிறதுக்குத்தான் நேரத்தக் குடுக்கும், ஏன்னா மனப்பாடம் பண்ணினது அங்கதான் இருக்கு. அந்த நிமிஷக் கணக்க கட்டத்தோட ஓரத்துல ஒவ்வொரு வரிசைக்கும் எழுதி வை, 6 நிமிஷம் ஆனதும் வாக்கியத்த முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போயிடு, விட்டுப்போன தேதிக்காக நிக்காதே.

எழுதி முடிச்சதும் சரியா வந்திருக்கான்னு பாக்க, வீட்டுல பயிற்சி பண்ணும்போது கேள்விய மறைச்சுட்டு உன் பதில மட்டும் கூடப் படிக்கிற யார்கிட்டயாவது குடு, ஒவ்வொரு பாராவும் எந்தக் கட்டளைக்கு எழுதினதுன்னு அவங்க சொல்லணும். ரெண்டாவது பாராவ அவங்க "விளக்குக"ன்னு சொன்னா உன் ஒப்பீட்டுல அளவுகோல் தொலைஞ்சுடுச்சுன்னு அர்த்தம், குட்டிக் கட்டத்துக்குத் திரும்பிப் போ.

கட்டளைச் சொல்லே இல்லாத கேள்வியும் வரும். "எந்த அளவுக்கு"ன்னு வந்தா அது மதிப்பிடுகதான், அளவு சொல்லியே ஆகணும். "ஏன்"னு வந்தா விளக்குக. "விவாதி"ன்னு வந்தா ரெண்டு பக்கத்தையும் முழுசா நிறுத்திட்டு முடிவுல நீ எந்தப் பக்கம்னு சொல்லணும், மதிப்பிடுகவுக்குப் பக்கத்து வீடு, ஆனா இங்க வாதங்கள்தான் பிரதானம். "குறிப்பு வரைக"வுக்கு இவ்வளவு பெரிய கட்டம் வேண்டாம், எல்லையும் சரக்கும் மட்டும் ரெண்டு வரி போதும், 150 வார்த்தைப் பதிலுக்கு 4 நிமிஷம் கட்டம் போட்டுட்டு உக்காந்தா எழுத நேரம் இருக்காது. மேற்கோள் குடுத்து "கருத்துரைக்க"ன்னு கேட்டா முதல் வேலை மேற்கோள் சொல்ற கருத்த உன் வார்த்தையில ஒரு வரியா "எதை"ப் பத்தியில எழுதுறது, அத எழுத வரலன்னா கேள்வி புரியலன்னு அர்த்தம், வேற கேள்வி சாய்ஸ்ல இருந்தா அதுக்குப் போயிடு.

முதல்ல பழைய கேள்வித்தாள் எடுத்து பதில் எழுதாம கட்டம் மட்டும் போட்டுப் பழகு, அதுவும் சரக்குப் பத்திய காலியா விட்டுட்டு நாலு பத்தி மட்டும். உருவம் கைக்கு வந்ததும் சரக்கப் போடு. இந்தக் குமரிக் கேள்விக்கே நீ ஒரு கட்டம் போட்டு அனுப்பு, மூணாவது வரிசையில "எது கனம்"ங்கிற இடத்துல என்ன எழுதியிருக்கன்னு நான் முதல்ல பாக்குறேன்.